ரெப் லெட்டர் இருக்கும்போது ஸ்டாக்கை ஏன் நோண்ட வேண்டும்?

கேள்வி: ஆடிட்டில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு கம்பெனியில் பழைய ஸ்டாக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே ஃபைனான்ஸ் மேனேஜர், “இதெல்லாம் விற்கிற சரக்குதான் என்று ரெப்ரசென்டேஷன் லெட்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடிதம் போதாது என்றால் வருடா வருடம் எதற்கு வாங்குகிறோம் சார்?

பதில்:

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரெப் லெட்டர் என்பது கணக்கைப் பற்றி நிர்வாகம் ஆடிட்டருக்கு எழுதித் தரும் உறுதிமொழிக் கடிதம். அதை டைப் செய்வது யார்? பெரும்பாலும் நம் டீமில் ஒருவர்தான். போன வருட ஃபைலை எடுத்து, தேதியை மாற்றி, இந்த வருடத்துக்கென்று நாலு வரி சேர்த்து அனுப்புகிறோம். அவர்கள் அதைத் தங்கள் லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்திட்டு, நம் பெயருக்கே முகவரி எழுதித் திருப்பித் தருகிறார்கள். வாசகம் நம்முடையது, கையெழுத்து அவர்களுடையது. இந்தச் சுற்றில் ஸ்டாக்கைப் பற்றிப் புதிதாக நமக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. அதை விற்கும் சரக்கு என்று சொல்வதற்கு ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அதுவும் ஒரு விஷயம்தான், ஆனால் அது வேறு விஷயம்.

சர்வதேச ஆடிட் தரநிலை ஐ.எஸ்.ஏ. 580 இதைப் பற்றித் தொடக்கத்திலேயே மூன்று செய்திகள் சொல்கிறது. எழுத்து மூலமான உறுதிமொழி அவசியமான ஆடிட் சான்று. ஆனால் அது எந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறதோ, அந்த விஷயத்துக்கு அது மட்டுமே போதுமான சான்று ஆகாது. இந்த இரண்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம்: நம்பகமான கடிதமே கிடைத்துவிட்டாலும், வேறு என்ன சான்று, எவ்வளவு சேகரிக்க வேண்டும் என்பதில் அது எந்த மாற்றமும் செய்யாது. அதாவது கடிதம் வந்துவிட்டது என்பதற்காக இருபது சாம்பிளைப் பத்தாகக் குறைக்க முடியாது.

ஏன் இவ்வளவு கறார்? நிதி அறிக்கை என்பதே நிர்வாகத்தின் கூற்று. “எங்களிடம் இவ்வளவு ஸ்டாக் இருக்கிறது, அதன் மதிப்பு இவ்வளவு” என்று ஏற்கெனவே பேலன்ஸ் ஷீட்டில் சொல்லிவிட்டார்கள். கடிதத்தில் அதே ஆள் அதையே இன்னொரு முறை சொல்கிறார். சொன்னவரையே கூப்பிட்டு “நீங்கள் சொன்னது சரியா?” என்று கேட்டு, அவர் “சரி” என்றதைச் சாட்சியமாக எழுதிக்கொள்வது போல.

நான் ஜூனியர்களுக்குச் சொல்லும் ஓர் அளவுகோல் உண்டு. ஒன்று சான்றாக இருக்க வேண்டுமானால் அதற்கு “இல்லை” என்று சொல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும். கிடங்கில் எண்ணினால் குறையலாம். பாக்கி எவ்வளவு என்று வாடிக்கையாளரிடமே கன்ஃபர்மேஷன் கேட்டால் வேறு தொகை வரலாம். ஆண்டு முடிந்த பிறகு வந்த விற்பனை பில்லைப் பார்த்தால் விலை அடக்கத்துக்குக் கீழே இருக்கலாம். இவை எல்லாம் நாம் எதிர்பார்த்ததற்கு எதிராகப் பேசக்கூடியவை. அதனால்தான் அவை ஒத்துப்போகும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. ரெப் லெட்டர் அப்படி இல்லை. கணக்கைத் தயாரித்தவர் அந்தக் கணக்குக்கு எதிராக எழுதித் தரமாட்டார். வரப்போகும் பதில் முன்பே தெரிந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு எடை போட முடியும்?

இதில் பொய்யைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. நேர்மையானவர்களும் தவறாக நம்புவார்கள். கையெழுத்திடும் தலைமை அதிகாரி அந்தக் கிடங்குக்குள் கடைசியாக எப்போது போனாரோ. விற்பனைப் பிரிவு சொன்னதை அவர் நம்புகிறார், நாம் அவரை நம்ப வேண்டும் என்கிறார்கள்.

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அது கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனி. ஒரு மாடலைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த மாடலுக்கான ஒரு குறிப்பிட்ட உதிரி பாகம் மட்டும் 2,400 எண்ணிக்கை கிடங்கில் இருந்தது. ஒன்றின் அடக்க விலை 2,000. மொத்தம் 48 லட்சம், முழுத் தொகைக்கே ஸ்டாக்கில் காட்டியிருந்தார்கள். அந்த ஆடிட்டுக்கு நாங்கள் வைத்திருந்த மெட்டீரியாலிட்டி, அதாவது பிழை இதைத் தாண்டினால் பெரிது என்று வைக்கும் வரம்பு, 10 லட்சம்.

எண்ணிக்கையில் பிரச்சினை இல்லை. நாங்களே எண்ணினோம், 2,400 இருந்தது. பாகங்கள் புதியவை, துருவில்லை, அழகாக அட்டைப்பெட்டியில் இருந்தன. பிரச்சினை மதிப்பில்தான். சரக்கை அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் காட்ட வேண்டும் என்பது விதி. நிகர விற்பனை மதிப்பு என்றால் விற்கிற விலையிலிருந்து விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்தது.

விற்பனை இயக்குநரிடம் கேட்டோம். “அடுத்த வருடம் ஒரு பெரிய ஆர்டர் வருகிறது, எல்லாம் அடக்கத்துக்கு மேலேயே போய்விடும், கடிதத்தில் எழுதித் தருகிறேன்” என்றார். உற்சாகமான மனிதர். பொய் சொல்கிற முகம் இல்லை. என் டீமில் இருந்த பையன் அந்த வாக்கியத்தை அப்படியே கடித வரைவில் சேர்த்துவிட்டு, ஒர்க்கிங் பேப்பரில் “நிர்வாகத்தின் உறுதிமொழி பெறப்பட்டது, திருப்தி” என்று எழுதி முடித்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த வயதில் அதே வரியை எழுதியிருக்கிறேன்.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வருடம் முழுவதும் விற்றது 60. அந்த வேகத்தில் 2,400 தீர 40 வருடம் ஆகும். ஆண்டு முடிந்த பிறகு நாங்கள் ஆடிட் செய்த நாள்வரை இரண்டு மாதத்தில் விற்றது 9, அதே வேகம்தான். அந்த 9 பில்லையும் எடுத்தோம். விலை 1,450. பேக்கிங், அனுப்பும் செலவு ஒன்றுக்கு 50. ஆக நிகர விற்பனை மதிப்பு 1,400, அடக்கத்தைவிட 600 குறைவு. எல்லாமே இந்த விலைக்கு விற்றுத் தீரும் என்று வைத்துக்கொண்டால்கூட நஷ்டம் 2,400 பெருக்கல் 600, அதாவது 14 லட்சத்து 40 ஆயிரம். அதுவே மெட்டீரியாலிட்டியைத் தாண்டிவிட்டது.

ஆனால் எல்லாம் விற்றுத் தீராது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்கள் இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று அவர்களின் சர்வீஸ் பிரிவே சொன்னது. வருடத்துக்கு 60 என்றால் 300 பாகம் போகும். மீதி 2,100 கழிவு இரும்பு விலைக்குத்தான், ஒன்றுக்கு 200. அந்தக் கணக்கில் விற்கிற 300க்கு 1 லட்சத்து 80 ஆயிரமும், விற்காத 2,100க்கு 37 லட்சத்து 80 ஆயிரமும், மொத்தம் 39 லட்சத்து 60 ஆயிரம் நஷ்டம். 48 லட்சத்தில் மிஞ்சுவது எட்டரை லட்சம் கூட இல்லை.

அந்தப் பெரிய ஆர்டர்? நகல் கேட்டோம். வந்தது ஒரு ஈமெயில். “உங்கள் பாகங்களின் விலைப்பட்டியல் அனுப்புங்கள், ஆர்வமாக இருக்கிறோம்” என்று ஒருவர் எழுதியிருந்தார், அவ்வளவுதான். எண்ணிக்கை இல்லை, விலை இல்லை, தேதி ஆண்டு முடிவுக்கு ஏழு மாதம் முன்பு. அதற்குப் பிறகு அவர் பதிலே போடவில்லை.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஒரு பக்கம் கையெழுத்திடத் தயாராக இருக்கும் உறுதிமொழி. மறுபக்கம் விற்பனை வேகம், விலை, ஆர்டர் இல்லாத ஆர்டர். உறுதிமொழியும் மற்ற சான்றும் முரண்பட்டால் அதைத் தீர்க்கும் வேலையைச் செய்ய வேண்டும் என்கிறது தரநிலை. தீராவிட்டால் இன்னொரு கேள்வி வருகிறது, அதுதான் கனமானது: இந்த நிர்வாகத்தின் திறமை, நேர்மை, அக்கறை பற்றி நாம் முன்பு போட்ட மதிப்பீடு சரியா? இவர்கள் இதில் இப்படிச் சொன்னால், மற்ற விஷயங்களில் வாய்மொழியாகவும் எழுத்திலும் சொன்னவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? ஸ்டாக்கில் தொடங்கிய சந்தேகம் ஸ்டாக்கோடு நிற்பதில்லை. எங்கள் விஷயத்தில் அது நேர்மைப் பிரச்சினையாக எனக்குப் படவில்லை. விற்பனைக்காரருக்கு வரும் ஒவ்வொரு ஈமெயிலும் ஆர்டர்தான். ஆனால் அதை முடிவு செய்வதற்கே அவர் சொன்ன மற்ற இரண்டு மூன்று விஷயங்களைத் திரும்பச் சோதித்துப் பார்த்தோம்.

கணக்கை அவர்கள் முன் வைத்ததும் ஃபைனான்ஸ் பிரிவு ஒப்புக்கொண்டது. 300 இல்லை, 600 விற்கும் என்று அவர்கள் ஒரு கணக்கு போட்டு 36 லட்சம் குறைத்தார்கள். அந்தக் கூடுதல் 300க்கு எங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மிஞ்சிய வித்தியாசம் 3 லட்சத்து 60 ஆயிரம். அதைத் திருத்தப்படாத பிழைகளின் பட்டியலில் சேர்த்தோம். மற்ற பிழைகளோடு கூட்டிப் பார்த்தாலும் 10 லட்சத்துக்கு வெகு கீழே இருந்ததால் எங்கள் அறிக்கையை அது மாற்றவில்லை. அவர்கள் 48 லட்சத்திலேயே பிடிவாதமாக நின்றிருந்தால், கடிதத்தில் எத்தனை கையெழுத்து இருந்தாலும், “இது நீங்கலாக மற்றவை சரி” என்று எங்கள் ஆடிட் கருத்தில் குறிப்பிட வேண்டி வந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது கடிதம் எதற்கு என்பதற்கு, பதில் கிடைக்கிறது. அதே ஸ்டாக் விஷயமாக அந்த வருடக் கடிதத்தில் இரண்டு வாக்கியம் இருந்தது. ஒன்று, அந்த மாடலை மறுபடி தயாரிக்கும் திட்டம் எதுவும் இல்லை, பாகங்களைப் பழைய இயந்திரங்களின் சர்வீஸுக்காகவே வைத்திருக்கிறோம் என்பது. இரண்டாவது, இணைப்பில் உள்ள திருத்தப்படாத பிழைகள் தனித்தனியாகவும் மொத்தமாகவும் நிதி அறிக்கையைப் பாதிக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல என்று நாங்கள் கருதுகிறோம் என்பது. “ஸ்டாக் நல்லது, விற்றுவிடும்” என்ற வாக்கியம் போய்விட்டது.

வித்தியாசம் புரிகிறதா? விலை என்ன, வேகம் என்ன என்பதை நாமே பார்க்க முடியும். அதற்குக் கடிதம் தேவையில்லை. ஆனால் மாடலை மறுபடி தொடங்குவார்களா என்பது அவர்கள் மனதில் இருக்கிறது. அந்த எண்ணத்தைப் பற்றி அவர்கள் வாயிலிருந்துதான் நேரடியாகத் தெரிந்துகொள்ள முடியும், அதை எழுதி வாங்குவதுதான் முறை. அப்போதும் அதை அப்படியே விழுங்குவதில்லை. இதற்கு முன் சொன்னதைச் செய்திருக்கிறார்களா, ஏன் இந்த முடிவு, அதைச் செய்ய அவர்களிடம் பணமும் வசதியும் இருக்கிறதா, போர்டு மினிட்ஸிலோ பட்ஜெட்டிலோ அதற்கு எதிராக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் சொன்ன கம்பெனியில் அந்த மாடலின் அச்சுகளையே விற்றுவிட்டிருந்தார்கள், விற்ற பில்லும் ஃபைலில் இருந்தது. அதனால் “திட்டம் இல்லை” என்ற வாக்கியத்துக்கு வலு இருந்தது. வலு கொடுத்தது பில், கடிதம் இல்லை.

எண்ணத்தைப் போலவே கடிதம் உதவும் இன்னொரு இடம், “இல்லை” என்று சொல்ல வேண்டிய இடம். இருப்பதற்கு வவுச்சர் உண்டு. இல்லாததற்கு ஏது வவுச்சர்? பதிவு செய்யாத கடன் இல்லை, உங்களிடம் சொல்லாமல் யாருக்கும் கொடுத்த ஜாமீன் இல்லை, தொடர்புடைய தரப்பினர் இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை, தெரிந்த வழக்கு எதையும் மறைக்கவில்லை என்பதெல்லாம் அந்த வகை. இவற்றுக்கும் நாம் தேடத்தான் செய்கிறோம். வங்கியிடம் கன்ஃபர்மேஷன், வக்கீலிடம் கடிதம், மினிட்ஸ் வாசிப்பு, ஆண்டு முடிந்த பின் கொடுத்த பணத்தை அலசுவது எல்லாம் அதற்காகத்தான். ஆனால் எவ்வளவு தேடினாலும் “முழுவதும் வந்துவிட்டது” என்பதை வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது. தேடிய பிறகு மிஞ்சுகிற அந்த இடைவெளியில்தான் கடிதம் உட்கார வேண்டும். தேடுவதற்குப் பதிலாக அல்ல.

கடிதத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆடிட்டிலும் தவிர்க்க முடியாத அடிப்படை வாக்கியங்கள் கொஞ்சம்தான்: நிதி அறிக்கையைச் சரியாகத் தயாரிக்கும் எங்கள் பொறுப்பை நிறைவேற்றிவிட்டோம், உங்களுக்குத் தேவையான எல்லாத் தகவலும் கொடுத்தோம், யாரையும் எதையும் பார்க்கத் தடுக்கவில்லை, எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகி அறிக்கையில் வந்திருக்கின்றன. இதற்கு மேல் மற்ற சில தரநிலைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி கேட்கின்றன. மோசடி, சட்டமீறல், வழக்குகள், மதிப்பீடுகள், தொடர்புடைய தரப்பினர், ஆண்டு முடிவுக்குப் பின் நடந்தவை, தொழில் தொடர்ந்து நடக்குமா என்பதில் சந்தேகம் இருந்தால் அதற்கான திட்டம், இப்படி. அப்புறம் அந்தக் கம்பெனிக்கே உரியவை, மேலே சொன்ன பாகம் மாதிரி. என் அபிப்பிராயத்தில் இந்தக் கடைசிப் பகுதிதான் கடிதத்தின் உயிர். போன வருட வரைவையே அனுப்பினால் இதுதான் முதலில் காணாமல் போகும்.

மோசடி பற்றிய வரியைப் பார்த்து, “திருடன் திருடவில்லை என்று எழுதித் தரமாட்டானா?” என்று சிரிப்பவர்கள் உண்டு. தாராளமாக எழுதித் தருவான். அந்த வரி திருடனைப் பிடிக்க இல்லை. நேர்மையான ஆள் ஒருவர் சொல்ல மறந்ததை, அல்லது முக்கியமில்லை என்று நினைத்து விட்டதை, வெளியே கொண்டுவர அது உதவும். நான் கடிதத்தை ஈமெயிலில் அனுப்பிக் கையெழுத்து வாங்குவதில்லை. எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்வேன். ஒரு முறை ஒரு இயக்குநர், “விற்பனை தொடர்பாக எழுத்திலோ வாய்மொழியாகவோ தனி ஒப்பந்தம் எதுவும் இல்லை” என்ற வரியில் நின்றார். பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு டீலருக்கு மட்டும், விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு சின்னக் கடிதம் கொடுத்திருக்கிறோம், அது இதில் வருமா?” என்றார். வரும், நன்றாகவே வரும். ஆண்டின் கடைசி வாரத்தில் அந்த டீலருக்குப் போட்ட பில்களை எல்லாம் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. கவனியுங்கள், அங்கேயும் கடிதம் சான்றாக வேலை செய்யவில்லை. கேள்வியாக வேலை செய்தது. சான்று, டீலரிடம் இருந்த அந்தச் சின்னக் கடிதம்.

நிர்வாகத்தின் சான்றிதழை ஏற்றுக்கொள்வது ஒரு காலத்தில் போதுமான ஆடிட்டாகவே இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1896இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில் மேனேஜர் வருடக்கணக்காகப் பஞ்சு, நூல் இருப்பைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆடிட்டர்கள் ஸ்டாக் தொகைக்கு அவர் கொடுத்த சான்றிதழையே எடுத்துக்கொண்டார்கள், பேலன்ஸ் ஷீட்டிலும் மேனேஜரின் சான்றிதழ்படி என்று போட்டார்கள். தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி விற்றதைக் கழித்திருந்தால் இடிக்கிறதே என்று தெரிந்திருக்கும். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத, நம்பிக்கைக்குரிய அதிகாரியை நம்பியது தவறில்லை என்று நீதிமன்றம் ஆடிட்டர்களை விடுவித்தது. ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று இன்றும் எல்லோரும் சொல்கிறார்களே, அது அந்தத் தீர்ப்பில் வந்ததுதான்.

அந்த நிம்மதியை முடித்துவைத்தது அமெரிக்காவில் 1938இல் வெடித்த மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் விவகாரம். மருந்துக் கம்பெனி. சுமார் 87 மில்லியன் டாலர் சொத்தில் 19 மில்லியன் அளவுக்கு ஒன்றுமே இல்லாதது, சுமார் 10 மில்லியன் இல்லாத ஸ்டாக், 9 மில்லியன் இல்லாத வரவேண்டிய பாக்கி. கிடங்கை ஆடிட்டர்கள் போய்ப் பார்க்கவில்லை, ஸ்டாக்குக்கு நிர்வாகத்தினர் கையெழுத்திட்ட சான்றிதழ் ஃபைலில் இருந்தது. அன்றைய வழக்கப்படி அதில் குறையொன்றும் இல்லை, அதுதான் விசித்திரம். தலைமை நிர்வாகியோ முன்பே தண்டனை பெற்ற ஓர் ஆள், பெயரை மாற்றிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 1939இல் அமெரிக்காவில், ஸ்டாக் எண்ணும்போது ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும், பாக்கிகளை வாடிக்கையாளரிடமே உறுதி செய்ய வேண்டும் என்று நடைமுறை மாறியது. இன்று நாம் கிடங்கில் தூசியில் நின்று பெட்டி எண்ணுவதற்கு அந்தச் சான்றிதழ்களும் ஒரு காரணம். உங்களிடம் பேசிய ஃபைனான்ஸ் மேனேஜர் கேட்பது 1938க்கு முந்தைய ஆடிட்.

கடிதத்தின் தேதி, கையெழுத்து பற்றி இரண்டு விஷயம், அதிகம் சறுக்குவது இங்கேதான். தேதி நம் அறிக்கையின் தேதிக்கு முடிந்த அளவு அருகில் இருக்க வேண்டும், அதற்குப் பிந்தையதாக இருக்கவே கூடாது. கடிதம் கையில் வராமல் நம் சான்று முழுமையடையவில்லை, முழுமையடையாமல் அறிக்கையில் கையெழுத்திட முடியாது, அதனால்தான். ஃபைலில் அறிக்கைத் தேதி 20, கடிதத் தேதி 23 என்று இருந்தால் ரிவ்யூ செய்பவர் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. மிக முன்கூட்டியே வாங்கிவிட்டாலும் ஆபத்து. கடிதத்துக்கும் அறிக்கைக்கும் நடுவில் ஆறு வாரம் ஓடிவிட்டால், அந்த ஆறு வாரத்தில் நடந்தவற்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். புதுப்பித்து வாங்குங்கள்.

கையெழுத்திடுபவர் நிதி அறிக்கைக்குப் பொறுப்பானவராகவும் விஷயம் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும், வழக்கமாகத் தலைமை நிர்வாகியும் நிதித் தலைவரும். “நான் சேர்ந்தே மூன்று மாதம்தான், அதற்கு முன் நடந்ததற்கு எப்படிக் கையெழுத்திடுவேன்?” என்று புதிதாக வந்த நிதித் தலைவர் கேட்பார். அறிக்கை முழு வருடத்துக்கும் என்பதால் கடிதமும் முழு வருடத்துக்கும்தான். அவர் அன்று அங்கே இல்லை என்பது இன்று அவருடைய பொறுப்பைக் குறைக்காது. தேவையானவர்களிடம் அவர் விசாரித்துக்கொள்ளட்டும். “எங்களுக்குத் தெரிந்த அளவிலும் நம்பிக்கையிலும்” என்ற அடைமொழியை ஏற்றுக்கொள்ளலாம், கேட்டு விசாரித்த பிறகு சொல்கிறார் என்று நமக்குத் திருப்தி இருந்தால்.

கடிதமே தர மறுத்தால்? இங்கே தரநிலை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. மேலே அடிப்படை என்று சொன்னேனே, அறிக்கையின் பொறுப்பு, தகவல் முழுவதும் கொடுத்தது, பரிவர்த்தனைகள் முழுவதும் பதிவானது, அவற்றை எழுதித் தர மறுத்தால் நாம் கருத்துச் சொல்லவே மறுக்க வேண்டும். அவர்களின் நேர்மையில் சந்தேகம் முற்றி, அந்த வாக்கியங்களை நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்தாலும் அப்படித்தான். எவ்வளவு வவுச்சர் பார்த்திருந்தாலும் சரி. நமக்குத் தரப்பட்டதைத்தான் சோதித்தோம், தரப்படாததைப் பற்றி அவர்களே பேச மறுக்கும்போது எந்தப் பகுதியை நம்புவது? மற்ற தனி விஷயங்களில், உதாரணமாக ஒரு வழக்கைப் பற்றிய வரியில் கையெழுத்திட மாட்டேன் என்றால், முதலில் உட்கார்ந்து பேச வேண்டும், ஏன் மறுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவர்களைப் பற்றிய நம் மதிப்பீட்டை மறுபடி எடைபோட வேண்டும், அதன் பிறகு நம் கருத்தில் அது எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். பல நேரம் மறுப்பதே பெரிய தகவல். ஒரு வரியை ஒருவர் நாலு முறை திருத்தச் சொல்கிறார் என்றால், அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் ஃபைலை எடுத்துப் பாருங்கள்.

அந்த மேனேஜரிடம் திரும்பப் போகும்போது கடிதத்தைப் பற்றி வாதாட வேண்டாம். மூன்று தாள் கேளுங்கள்: அந்தச் சரக்கு கடந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு, ஆண்டு முடிந்த பிறகு விற்ற பில்கள், கையில் இருக்கும் ஆர்டர்களின் நகல். மூன்றும் சரியாக இருந்தால் அவர் சொன்ன வாக்கியமே கடிதத்தில் தேவைப்படாது. சரியாக இல்லையென்றால் 2,400ஐ 60ஆல் வகுத்தது போல ஒரு வகுத்தல் போட்டு, விடையை அவரிடமே காட்டுங்கள்.